வேலூரிலிருந்து முதல் வெளிநாட்டுப் பயணம்: டிக்கெட் முதல் இமிகிரேஷன் கவுண்டர் வரை

முதல் பயணம். கையில் ஐந்து நாள் விடுப்புதான் இருக்கிறது. எந்த நாட்டுக்குப் போகலாம்?

மலேசியா. என்னிடம் இப்படிக் கேட்கிறவர்கள் பெரும்பாலும் காட்பாடி, ராணிப்பேட்டை, ஆம்பூர் பக்கம் வேலைக்குப் போகிற இருபத்தைந்து வயதுக்காரர்கள். அவர்கள் எல்லோருக்கும் இதே பதில்தான். சென்னையிலிருந்து கோலாலம்பூருக்கு நேரடி விமானத்தில் ஏறக்குறைய நான்கு மணி நேரம். நம் கடிகாரத்தைவிட இரண்டரை மணி நேரம் முன்னால் ஓடும் நாடு. ஊர் முழுக்கத் தமிழ்க் குரல்கள் கேட்கும். 2023 டிசம்பர் 1 முதல் இந்தியர்கள் விசா இல்லாமலே 30 நாள் வரை தங்கலாம். இந்தச் சலுகையை 2026 டிசம்பர் 31 வரை நீட்டித்திருக்கிறார்கள். இத்தகைய சலுகைகள் மாறக்கூடியவை என்பதால், டிக்கெட் போடும் அன்று ஒருமுறை சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

விசா வேண்டாம் என்பதால் சோதனையும் இருக்காது என்று பலர் எண்ணிக்கொள்கிறார்கள். விசா வேண்டும் நாட்டுக்குப் போனால் வேலை என்ன, பணம் இருக்கிறதா, திரும்பி வருவாரா என்பதையெல்லாம் தூதரகம் முன்பே காகிதத்தில் பார்த்துவிடும். விசா இல்லாத நாட்டில் அந்தப் பார்வை முழுவதும் கவுண்டரில் உங்கள் முன்னால் இருக்கும் அதிகாரியிடம், இரண்டு நிமிடத்துக்குள் நடக்கிறது. கீழே நான் சொல்வதெல்லாம் அந்த இரண்டு நிமிடத்துக்கான ஏற்பாடுதான்.

பாஸ்போர்ட் இன்னும் கைக்கு வரவில்லை. டிக்கெட் விலை இப்போது குறைவாக இருக்கிறது. போட்டுவிடலாமா?

வேண்டாம். விமான டிக்கெட்டில் பாஸ்போர்ட்டில் உள்ள பெயர் எழுத்துக்கு எழுத்து இருக்க வேண்டும். அச்சாகி வராத பாஸ்போர்ட்டில் பெயர் எப்படி வரும் என்று உங்களால் உறுதியாகச் சொல்ல முடியாது. வேலூர் தலைமைத் தபால் நிலையத்திலேயே பாஸ்போர்ட் சேவை மையம் இருக்கிறது, சென்னைக்கு ஓட வேண்டியதில்லை. `passportindia.gov.in` என்ற அரசுத் தளத்தில்தான் விண்ணப்பிக்க வேண்டும். 36 பக்கப் புத்தகத்துக்குச் சாதாரண முறையில் 1,500 ரூபாய் கட்டணம். அதன் பிறகு காவல் நிலைய விசாரணை. வாடகை வீட்டில் இருப்பவர்கள் விசாரணைக்கு வரும் நாளில் முகவரியில் இருப்பதுதான் முக்கியம்.

பழைய பாஸ்போர்ட் வைத்திருப்பவர்கள் காலாவதித் தேதியைப் பாருங்கள். மலேசியாவில் இறங்கும் நாளிலிருந்து குறைந்தது ஆறு மாதம் அது செல்லுபடியாக வேண்டும். இல்லையென்றால் விமான நிறுவனமே ஏற்றாது.

எனக்கு இனிஷியல்தான் உண்டு, குடும்பப் பெயர் கிடையாது. டிக்கெட்டில் பெயரை எப்படி எழுதுவது?

நம் மாவட்டத்துப் பயணிகளை அதிகம் அலைக்கழிக்கும் கேள்வி இது. பாஸ்போர்ட்டில் இனிஷியலுக்கு இடமில்லை. அதை விரித்துத்தான் எழுதுவார்கள். விரித்த பெயர் எந்தக் கட்டத்தில் விழுந்திருக்கிறது என்பதில்தான் சிக்கலே.

ஒருவர் பெயர் கார்த்திகேயன், தந்தை பெயர் முனுசாமி என்று வைத்துக்கொள்வோம். பள்ளிச் சான்றிதழில் மு. கார்த்திகேயன். பாஸ்போர்ட்டில் `Surname` என்ற வரியில் முனுசாமியும் `Given Name` என்ற வரியில் கார்த்திகேயனும் இருந்தால் வேலை எளிது. டிக்கெட்டில் கடைசிப் பெயர் கட்டத்தில் முனுசாமி, முதல் பெயர் கட்டத்தில் கார்த்திகேயன். ஐயம் வந்தால் புகைப்படப் பக்கத்தின் அடியில் இயந்திரம் படிக்கும் இரண்டு வரிகளைப் பாருங்கள். மேல் வரி இப்படி இருக்கும்:

```
P<INDMUNUSAMY<<KARTHIKEYAN<<<<<<<<<<<<<<<<<<
```

இரட்டைக் குறிக்கு முன்னால் இருப்பது கடைசிப் பெயர், பின்னால் இருப்பது முதல் பெயர். கவுண்டரில் உள்ள கருவி படிப்பதும் இதைத்தான். ஆதாரும் பான் அட்டையும் வேறு மாதிரி எழுதியிருந்தாலும் இந்தப் பயணத்தில் அவற்றுக்கு வேலையில்லை.

`Surname` வரி வெறுமையாக இருப்பவர்கள் நிறையப் பேர். அவர்கள் டிக்கெட் தளத்தில் கடைசிப் பெயர் கட்டத்தை நிரப்பாமல் நகர முடியாது. சில நிறுவனங்கள் அதே பெயரை இரண்டு கட்டத்திலும் எழுதச் சொல்கின்றன. சில நிறுவனங்கள் முதல் பெயர் கட்டத்தில், முதல் பெயர் தெரியாது என்பதன் ஆங்கிலச் சுருக்கமான `FNU` என்று போடச் சொல்கின்றன. எந்த நிறுவனத்தில் பயணம் செய்கிறீர்களோ அதன் உதவிப் பக்கத்தில் பார்த்துவிட்டு எழுதுங்கள். இனிஷியலையோ ஊர்ப் பெயரையோ நீங்களாகச் சேர்த்துவிடாதீர்கள்.

ஒரு எச்சரிக்கையும் உண்டு. மலேசியாவுக்கு ஒற்றைப் பெயரோடு போய்வரலாம். ஐக்கிய அரபு அமீரகம் 2022 நவம்பரிலிருந்து, பாஸ்போர்ட்டில் ஒரே ஒரு சொல் மட்டும் பெயராக உள்ளவர்களைச் சுற்றுலா விசாவில் அனுமதிப்பதில் கட்டுப்பாடு வைத்திருக்கிறது. புதிதாக விண்ணப்பிக்கிறவர்கள் தந்தை பெயரை `Surname` கட்டத்தில் எழுதிவிட்டால் பின்னால் வரும் பல தொல்லைகள் இல்லாமல் போகும்.

டிக்கெட் போடும்போது எதில் ஏமாறுவார்கள்?

தேதியில். சென்னையிலிருந்து கிழக்கே போகும் விமானங்களில் பல நள்ளிரவை ஒட்டிக் கிளம்புகின்றன. டிக்கெட்டில் 14ஆம் தேதி சனிக்கிழமை 00:30 என்று இருந்தால், நீங்கள் வேலூரை விட்டுக் கிளம்ப வேண்டியது 13ஆம் தேதி வெள்ளிக்கிழமை. சனிக்கிழமை மாலை பெட்டியோடு போய் நின்றவரை நான் பார்த்திருக்கிறேன். விமானம் போய் ஏறக்குறைய ஒரு நாள் ஆகியிருந்தது. பதிவு செய்தவுடன், விடுப்புக் கடிதம் எழுதும் முன், காட்பாடியில் ரயில் ஏறும் நாளை நாட்காட்டியில் குறித்துவிடுங்கள்.

போகவும் வரவும் சேர்த்தே பதிவு செய்யுங்கள். திரும்பும் டிக்கெட் இல்லாமல் விசா இல்லாத நாட்டுக்குப் போகிறவரை விமான நிறுவனக் கவுண்டரிலேயே நிறுத்துவார்கள். செலவை மிச்சப்படுத்தச் சிலர் போலியான திரும்பும் டிக்கெட்டை அச்சிட்டுத் தருகிறார்கள். அந்த எண்ணை விமான நிறுவனத்தின் கணினியில் போட்டுப் பார்க்க அரை நிமிடம் போதும். அதில் அகப்பட்டால் உண்மையான சுற்றுலாப் பயணிகூடப் பொய்யராகிவிடுவார்.

குறைந்த கட்டண விமானங்களில் பெட்டிக்குத் தனிக் காசு. கையில் 7 கிலோ மட்டும் என்பது வழக்கமான அளவு. ஐந்து நாளுக்கு அது போதும்.

ஓட்டல், பணம் இரண்டையும் எந்த அளவுக்குத் தயார் செய்ய வேண்டும்?

தங்கும் எல்லா இரவுகளுக்கும் முகவரி வேண்டும். முதல் இரவுக்கு மட்டும் அறை போட்டுவிட்டு மற்றதை அங்கே பார்த்துக்கொள்ளலாம் என்பது அனுபவசாலிகளுக்குச் சரி, முதல் பயணத்துக்குச் சரிப்படாது. உறவினர் வீட்டில் தங்குவதாக இருந்தால் அவர் பெயர், முகவரி, கைப்பேசி எண் மூன்றும் தாளில் இருக்கட்டும்.

பணத்தில் ஒரு பகுதியை ரிங்கிட்டாகவே கையில் வைத்துக்கொள்ளுங்கள். ஐந்து நாளுக்கு 500 ரிங்கிட் என்பது என் கணக்கு, அறைக்கு முன்பே கட்டியிருந்தால். உங்கள் வங்கி அட்டையில் வெளிநாட்டுப் பயன்பாடு ஆரம்பத்திலேயே அடைத்துத்தான் வைக்கப்பட்டிருக்கும். வங்கியின் செயலியில் நீங்கள் திறந்தால்தான் அங்கே வேலை செய்யும். ஊரில் இருக்கும்போதே திறந்துவிடுங்கள். அங்கே கடையில் அட்டையைத் தேய்க்கும்போது ரூபாயில் கழிக்கவா, ரிங்கிட்டில் கழிக்கவா என்று கருவி கேட்கும். ரிங்கிட்டைத் தேர்ந்தெடுங்கள். ரூபாயைத் தேர்ந்தெடுத்தால் மாற்று விகிதத்தைக் கடைக்காரரின் வங்கி வைக்கும், அது பெரும்பாலும் உங்களுக்கு நட்டம்.

மலேசிய வருகை அட்டை என்கிறார்களே, அது என்ன?

இறங்குவதற்கு முந்தைய மூன்று நாளுக்குள் இணையத்தில் நிரப்ப வேண்டிய படிவம். எம்டிஏசி என்று சொல்வார்கள். கட்டணம் கிடையாது. காசு கேட்கிற தளம் எதுவானாலும் அது அரசுத் தளமல்ல. சரியான முகவரி இது:

```
https://imigresen-online.imi.gov.my/mdac/main
```

பெயர், பாஸ்போர்ட் எண், இறங்கும் நாள், கிளம்பும் நாள், விமான எண், தங்கும் இடத்தின் முகவரி ஆகியவற்றைக் கேட்கும். பத்து நிமிட வேலை. தவறு நடப்பது பாஸ்போர்ட் எண்ணில்தான். நம் பாஸ்போர்ட் எண்ணில் முதலில் ஓர் ஆங்கில எழுத்து, பிறகு ஏழு இலக்கங்கள். எழுத்துக்குப் பின்னால் வட்டமாகத் தெரிவதெல்லாம் சுழியம்தான், ஆங்கில ஓ எழுத்து அல்ல. கைப்பேசியில் அவசரமாகத் தட்டும்போது இது மாறிவிடும், அதிகாரியின் திரையில் உங்கள் படிவம் கிடைக்காது. நிரப்பியதும் மின்னஞ்சலில் வரும் சீட்டைத் திறந்து, பாஸ்போர்ட்டைப் பக்கத்தில் வைத்து, விரல் வைத்து ஒவ்வொரு எழுத்தாகப் படித்துப் பாருங்கள்.

வேலூரிலிருந்து எத்தனை மணிக்குக் கிளம்ப வேண்டும்?

விமானம் கிளம்புவதற்கு மூன்று மணி நேரம் முன்னால் நிலையத்தில் இருக்கும்படி. காட்பாடியிலிருந்து ரயிலில் சென்ட்ரலுக்கு இரண்டு மணி நேரத்தை ஒட்டி ஆகும். அங்கிருந்து மெட்ரோ நேரே விமான நிலையத்துக்குப் போகிறது. வாலாஜாபேட்டை, ஸ்ரீபெரும்புதூர் வழியாகக் காரில் போவது வசதிதான், ஆனால் அந்தச் சாலையில் நெரிசல் எங்கே பிடிக்கும் என்று யாராலும் சொல்ல முடியாது. நள்ளிரவு விமானமென்றால் மாலை 5 மணிக்கெல்லாம் காட்பாடியில் ரயில் ஏறுவதே என் வழக்கம். மெட்ரோ இரவு 11 மணி அளவில் நின்றுவிடும் என்பதையும் நினைவில் வையுங்கள்.

உள்ளே வரிசை இதுதான்: வாசலில் பாஸ்போர்ட்டும் டிக்கெட்டும், பிறகு விமான நிறுவனக் கவுண்டர், பிறகு இமிகிரேஷன், கடைசியில் பாதுகாப்புச் சோதனை. இந்தியர்கள் புறப்பாட்டு அட்டை நிரப்பும் வழக்கம் 2017 ஜூலையோடு போய்விட்டது. பழைய ஆட்கள் பேனா கொண்டு போகச் சொன்னால் அதனால்தான்.

சென்னை இமிகிரேஷனில் என்னவெல்லாம் கேட்பார்கள்? பயமாக இருக்கிறது.

எங்கே போகிறீர்கள், எதற்கு, எத்தனை நாள், யாரோடு, எங்கே தங்குகிறீர்கள், என்ன வேலை பார்க்கிறீர்கள், செலவு யாருடையது. பெரும்பாலும் இந்த ஏழுக்குள் முடிந்துவிடும். இவற்றில் எதற்கும் மனப்பாடப் பதில் தேவையில்லை. உங்கள் வாய்ச் சொல்லும் கையில் உள்ள தாளும் ஒன்றாக இருக்க வேண்டும், அவ்வளவுதான்.

என் முதல் பயணத்தில் அது ஒன்றாக இல்லை. மூன்று இரவு ஓட்டல், கடைசி இரண்டு இரவு நண்பன் வீடு என்று ஏற்பாடு. அதிகாரி "எங்கே தங்குகிறீர்கள்?" என்றபோது "நண்பன் வீட்டில்" என்றேன். கையில் நீட்டியதோ ஓட்டல் சீட்டு. உடனே கேள்விகள் நண்பன் பக்கம் திரும்பின. அவர் அங்கே என்ன வேலை செய்கிறார்? எத்தனை வருடமாக? உங்களுக்கும் அங்கே வேலை பார்த்து வைத்திருக்கிறாரா? எனக்கு நாக்கு உலர்ந்துவிட்டது. தள்ளி நிற்கச் சொல்லி மேலதிகாரியிடம் அனுப்பினார்கள். திரும்பும் டிக்கெட், அலுவலக அடையாள அட்டை, மூன்று மாதச் சம்பளச் சீட்டு, விடுப்பு அனுமதி மின்னஞ்சல் எல்லாவற்றையும் காட்டினேன். "முதலிலேயே மூன்று நாள் ஓட்டல், இரண்டு நாள் நண்பன் வீடு என்று சொல்லியிருந்தால் நீங்கள் இங்கே வந்திருக்கவே மாட்டீர்கள்" என்று சொல்லி முத்திரை குத்த அனுப்பினார். இருபத்தைந்து நிமிடம் போயிருந்தது. அவர் கேட்டதில் குற்றமில்லை. நான்தான் பாதிப் பதில் சொன்னேன்.

அதே கேள்விகளுக்கு அடுத்த ஆண்டு என் சித்தி மகன் சொன்ன பதில்களை எழுதுகிறேன். ராணிப்பேட்டையில் காலணித் தொழிற்சாலையில் கணக்குப் பிரிவில் இருக்கிறான். "கோலாலம்பூர், சார். சுற்றிப் பார்க்க. ஐந்து நாள், புதன்கிழமை திரும்புகிறேன். தனியாகத்தான். ஐந்து இரவும் ஒரே ஓட்டல். ராணிப்பேட்டையில் கணக்காளர். என் சம்பளப் பணம்தான்." ஒவ்வொன்றும் ஒரு வரி. கேட்காததை அவன் சொல்லவில்லை, கேட்காத தாளையும் நீட்டவில்லை. ஒரு நிமிடத்தில் முத்திரை விழுந்தது.

நம் ஊர் காந்தி சாலையில் வங்கதேசத்திலிருந்து சிஎம்சி மருத்துவமனைக்கு வரும் குடும்பங்களைப் பார்த்திருப்பீர்கள். நெஞ்சோடு ஒரு பிளாஸ்டிக் கோப்பு, அதில் பாஸ்போர்ட் மேலே, மற்றவை வரிசையாகக் கீழே. விடுதியில் கேட்டால் தேடாமல் எடுக்கிறார்கள். அந்தக் கோப்பு மாதிரி ஒன்றை நீங்களும் தயார் செய்யுங்கள். கைப்பேசியில் இருக்கிறது என்று நம்பி நிற்கும்போதுதான் பேட்டரி இறங்கும். தனியார் வேலையில் இருப்பவர்களுக்கு நிறுவனத்தின் கடிதம் கட்டாயமில்லை, இருந்தால் நல்லது. அரசு ஊழியர்கள் துறை அனுமதி பெற்றுத்தான் போக வேண்டும்.

வயதானவர்களைக் கேட்காமல் விட்டுவிட்டு இளைஞர்களை மட்டும் ஏன் இவ்வளவு கேட்கிறார்கள்?

தாய்லாந்து, கம்போடியா, லாவோஸ், மியான்மர் எல்லைப் பகுதிகளில் இணைய மோசடிக் கூடங்கள் இருக்கின்றன. தட்டச்சு வேலை, கணினி வேலை, நல்ல சம்பளம் என்று சொல்லி இளைஞர்களைச் சுற்றுலாப் பயணியாக வரவழைத்து, பாஸ்போர்ட்டைப் பிடுங்கிக்கொண்டு மோசடி வேலை செய்ய வைக்கிறார்கள். தமிழ்நாட்டு இளைஞர்களும் இதில் சிக்கி மீட்கப்பட்டிருக்கிறார்கள். அதனால்தான் தனியாக, முதல்முறையாக, தென்கிழக்கு ஆசியாவுக்குப் போகும் இருபத்தைந்து வயதுக்காரரை அதிகாரி கூடுதலாக இரண்டு கேள்வி கேட்கிறார். ஏஜென்ட் யாராவது அனுப்புகிறாரா என்பதே அவர் தெரிந்துகொள்ள விரும்புவது.

உங்கள் டிக்கெட்டை உண்மையிலேயே ஒரு ஏஜென்ட் எடுத்துக் கொடுத்து, "சுற்றுலா என்று மட்டும் சொல், அங்கே வேலை காத்திருக்கிறது" என்று சொல்லி அனுப்பியிருந்தால், தயவுசெய்து போகாதீர்கள். வெளிநாட்டு வேலைக்கு ஆள் எடுக்கும் ஏஜென்ட் அரசிடம் பதிவு பெற்றவரா என்று `emigrate.gov.in` தளத்தில் பார்க்கலாம்.

கோலாலம்பூரில் இறங்கியதும் திருப்பி அனுப்பிவிடுவார்கள் என்கிறார்களே?

திருப்பி அனுப்புவது உண்டு. திரும்பும் டிக்கெட் இல்லாதவர், தங்குமிடம் சொல்லத் தெரியாதவர், கையில் பணம் இல்லாதவர் ஆகியோர்தான் பெரும்பாலும் அதில் விழுகிறார்கள். நுழைவு மறுத்தால், வந்த விமான நிறுவனத்தின் அடுத்த விமானத்திலேயே ஏற்றுவார்கள்.

கவுண்டரில் இரண்டு சுட்டுவிரல் ரேகையும் வாங்குவார்கள். கேள்வி எளிய ஆங்கிலத்தில் இருக்கும்: எத்தனை நாள், எந்த ஓட்டல், திரும்பும் டிக்கெட். மலாய் கலந்த உச்சரிப்பு புரியவில்லை என்றால் மறுபடி கேளுங்கள், தலையாட்டிவிடாதீர்கள். "வேலையா?" என்று அவர் கேட்டதற்கு, ஊரில் தான் பார்க்கும் வேலையைக் கேட்கிறார் என்று நினைத்து "ஆமாம்" சொன்ன ஒருவர் அரை மணி நேரம் தனி அறையில் உட்கார்ந்திருந்தார். முத்திரை வாங்கியதும் நகரும் முன் அதில் உள்ள தேதியைப் படியுங்கள்.

தெரிந்தவர் ஒருவர் அங்கே கொடுக்கச் சொல்லி ஒரு பொட்டலம் தருகிறார். வாங்கலாமா?

வாங்காதீர்கள், அத்தையாகவே இருந்தாலும். ஊறுகாய், அதிரசம் என்றால் உங்கள் வீட்டில் நீங்களே கட்டியதாக இருக்கட்டும். மலேசியாவில் போதைப்பொருள் கடத்தலுக்கு மரண தண்டனை வரை விதிக்க முடியும். பெட்டியில் இருந்தது யாருடையது என்ற விளக்கம் அங்கே எளிதில் எடுபடாது.

பவர் பேங்கைப் பெட்டியில் போடக்கூடாது, கைப்பையில்தான் எடுத்துச் செல்ல வேண்டும். கொப்பரைத் தேங்காய் தீப்பற்றக்கூடியது என்பதால் அதற்கும் தடை.

திரும்பி வரும்போதும் கேள்வி இருக்குமா?

சென்னையில் இமிகிரேஷன் பெரும்பாலும் முத்திரையோடு முடிந்துவிடும். பிறகு சுங்கம். கோலாலம்பூர் விமான நிலையத்தில் யாராவது அருகில் வந்து, "இந்த நகையை மட்டும் போட்டுக்கொண்டு வாருங்கள், சென்னையில் ஆள் வாங்கிக்கொள்வார், டிக்கெட் காசைத் தருகிறோம்" என்று சொல்லக்கூடும். இந்தத் தொழிலில் தங்கம் சுமப்பவரைக் குருவி என்பார்கள். ஐந்து நாள் போய்வந்த சுற்றுலாப் பயணிக்குத் தங்கத்தில் வரிச் சலுகை கிடையாது. பிடிபட்டால் வழக்கு உங்கள் பெயரில்தான் பதிவாகும். கொடுத்தவர் வெளியே வாசலில் நின்று பார்த்துவிட்டுப் போய்விடுவார்.

இரவில் இறங்கினால் மெட்ரோ இருக்காது. அதிகாலை முதல் மெட்ரோ வரை உள்ளேயே உட்கார்ந்திருந்து, சென்ட்ரலில் காட்பாடி வழியாகப் போகும் காலை ரயிலைப் பிடித்தால், காலைச் சாப்பாட்டுக்கு வீட்டில் இருக்கலாம்.